ஐந்து தொழில், ஒரே கேள்வி: போட்ட பணம் எப்போது திரும்பும்?

சேலத்தில் வசிக்கும் ஓய்வு பெற்ற வங்கி மேலாளர் ஒருவர் ஆத்தூரில் இருக்கும் தன் அக்கா மகனுக்கு நீளமாக ஒரு கடிதம் எழுதியிருக்கிறார். ஓசூரில் பார்த்துவந்த கம்பெனி வேலையை விட்டுவிட்டு ஊருக்குத் திரும்பிய அந்த இளைஞரிடம் கையிருப்பு மூன்று லட்சம் ரூபாய். “ஏதாவது சொந்தமா செய்யலாம்னு இருக்கேன் மாமா, என்ன செய்யலாம்?” என்று அவர் போனில் கேட்டதற்குத்தான் இந்தப் பதில். போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் எண்கள் காதில் நிற்காது, காகிதத்தில்தான் நிற்கும் என்பது மாமாவின் கட்சி.

கடிதத்தில் ஐந்து தொழில்கள் இருக்கின்றன: இட்லி மாவு, மரச்செக்கு எண்ணெய், பாக்குமட்டைத் தட்டு, வாடகைப் பாத்திரம், ஏசி மற்றும் குடிநீர் சுத்திகரிப்பு இயந்திரங்களுக்கான சர்வீஸ். புதிதாக ஒன்றுமில்லை, எந்த ஊரிலும் நாலு பேர் செய்துகொண்டிருப்பவைதான். ஆனால் அவர் இவற்றை அடுக்கியிருக்கும் விதம் கவனிக்க வேண்டியது. எதில் லாபம் அதிகம் என்ற வரிசையை அவர் போடவில்லை. ‘இன்று போடும் ஒரு ரூபாய் எத்தனை நாளில் உன் கைக்குத் திரும்பி வரும்?’ என்று ஒவ்வொரு தொழிலையும் கேட்டு, அந்தக் கணக்கில் வரிசைப்படுத்தியிருக்கிறார்.

கடன் கொடுத்த அனுபவத்திலிருந்து வரும் கேள்வி இது. சிறு தொழில் செய்ய வருபவர்கள் வங்கிக்குக் கொண்டுவரும் காகிதங்களில் மெஷினுக்கான கொட்டேஷன் கட்டாயம் இருக்கும். மூலப்பொருள் வாங்கவும், கூலி கொடுக்கவும், கடைக்காரர் கடன் சொல்லும் நாட்களில் தாக்குப்பிடிக்கவும் வேண்டிய நடைமுறை மூலதனத்துக்குப் பெரும்பாலும் ஒரு வரிகூட இருக்காது. மெஷின் வந்து இறங்கும், பூஜை போடுவார்கள், மூன்றாவது மாதம் கையில் காசு இருக்காது. ஆர்டர் இருக்கும்போதே கடை முடங்கும். அந்த இடத்தில்தான் தண்டல்காரர் உள்ளே வருகிறார். பத்தாயிரத்துக்கு முன்கூட்டியே வட்டி பிடித்துக்கொண்டு தினமும் நூறு ரூபாய் வசூலிக்கும் அந்தக் கடனுக்குள் போன தொழில் வெளியே வருவது கடினம். “மெஷினுக்கு வாங்கின கடன்ல மூழ்கினவங்களைவிட, மெஷின் வாங்கினப்புறம் சரக்குக்கு வாங்கின கடன்ல மூழ்கினவங்களைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கேன் மாப்ளே” என்று எழுதுகிறார்.

வரிசையில் முதலில் நிற்பது இட்லி மாவு. இதில் பணம் ஒரு வாரத்துக்குள் திரும்பிவிடும். 2005-ல் பெங்களூரில் பி.சி. முஸ்தபாவும் அவருடைய உறவினர்களும் 50 சதுர அடி அறையில் மாவு அரைக்கத் தொடங்கி, பக்கத்துக் கடைகளுக்குப் போட்டு, பின்னாளில் ‘ஐடி ஃப்ரெஷ் ஃபுட்’ என்ற பெரிய நிறுவனமாக வளர்ந்த கதை பலருக்குத் தெரிந்ததுதான். கடிதம் அந்த வளர்ச்சியைப் பற்றிப் பேசவில்லை. ஒரு நாள் கணக்கை மட்டும் போட்டுக் காட்டுகிறது.

நாளைக்கு நூறு கிலோ மாவு என்று வைத்துக்கொள்வோம். நாலு பங்கு இட்லி அரிசிக்கு ஒரு பங்கு உளுந்து. ஒரு கிலோ அரிசியும் கால் கிலோ உளுந்தும் சேர்ந்து ஏறக்குறைய மூன்றே கால் கிலோ மாவு தரும். ஆக நூறு கிலோவுக்கு 31 கிலோ அரிசி, 8 கிலோ உளுந்து. அரிசி கிலோ 45 ரூபாய், உளுந்து 125 ரூபாய் என்று எடுத்துக்கொண்டால் கிலோ மாவுக்குப் பொருள் செலவு 24 ரூபாய். கவருக்கு 2, மின்சாரத்துக்கும் தண்ணீருக்கும் 2, கூலி 6, கடைகளுக்குக் கொண்டுபோய்ப் போடும் பெட்ரோல் 4. அடக்கம் 38 ரூபாய். கடைக்கு 46 ரூபாய்க்குப் போட்டால் கடைக்காரர் 55-க்கு விற்பார். கிலோவுக்கு 8 ரூபாய், நாளைக்கு 800 ரூபாய் நிற்கும். விலைகள் ஊருக்கு ஊர், மாதத்துக்கு மாதம் மாறும். அன்றைய விலையைப் போட்டு நீயே திரும்பக் கணக்குப் பார் என்றும் ஒரு வரி இருக்கிறது.

அடுத்த பத்தியில்தான் கடிதம் சூடு பிடிக்கிறது. அந்த 800 ரூபாய், நூறு பாக்கெட்டும் விற்றால்தான். மாவுத் தொழிலில் விற்காத பாக்கெட்டைக் கடைக்காரர் திருப்பிக் கொடுத்துவிடுவார், பணம் தரமாட்டார். ‘ரிட்டன்’ என்று அதற்குப் பெயர். ஒரு பாக்கெட் திரும்பினால் போவது 8 ரூபாய் லாபம் அல்ல, முழு 46 ரூபாய். பத்து பாக்கெட் திரும்பினால் 460 ரூபாய் போய், மிச்சம் 340. பதினேழு பாக்கெட் திரும்பினால் மிச்சம் வெறும் 18 ரூபாய். பதினெட்டாவது பாக்கெட்டிலிருந்து கைக்காசு. ஆகவே இந்தத் தொழிலில் தினமும் பார்க்க வேண்டிய எண் எத்தனை பாக்கெட் போட்டோம் என்பது அல்ல, எத்தனை திரும்பியது என்பது. கடை வாரியாக ஒரு நோட்டில் ரிட்டன் எழுதிவரச் சொல்கிறார் மாமா. எந்தக் கடையில் நூற்றுக்குப் பத்துக்கு மேல் திரும்புகிறதோ, அந்தக் கடைக்கு மறுநாளே பாக்கெட்டைக் குறைக்க வேண்டும். கடைக்காரர் மனம் கோணுவார் என்று தயங்கினால் நோட்டு எழுதிப் பயனில்லை.

ரிட்டன் ஏன் வருகிறது என்பதற்கு விற்பனை மட்டும் காரணமல்ல, அரைக்கும் விதமும் காரணம். கிரைண்டர் கல் சுற்றிச் சுற்றிச் சூடேறும். அந்தச் சூட்டோடு கவரில் அடைத்த மாவு கடைக்குப் போவதற்குள் புளிக்கத் தொடங்கி, கவர் உப்பிவிடும். சித்திரை, வைகாசியில் இது இன்னும் வேகமாக நடக்கும். அதனால் அரைக்கும்போது குளிர்ந்த தண்ணீர் விடுவார்கள், அரைத்த மாவை உடனே ஃபிரிட்ஜில் வைத்துக் குளிரவைத்த பிறகே அடைப்பார்கள். மாலையில் அரைத்து, இரவு குளிரவைத்து, விடியற்காலையில் போடுவது ஒரு முறை. கடையில் ஃபிரிட்ஜ் இரவில் அணைக்கப்படுகிறதா என்பதையும் பார்க்கச் சொல்கிறார். மின்கட்டணத்துக்குப் பயந்து ராத்திரி ஃபிரிட்ஜை நிறுத்தும் கடையில் எவ்வளவு நல்ல மாவு போட்டாலும் காலையில் உப்பித்தான் இருக்கும்.

இந்தத் தொழிலுக்கு எவ்வளவு பணம் மாட்டிக்கொள்ளும்? அரிசி, உளுந்தை வாரத்துக்கு ஒருமுறை வாங்கி, கடைகள் வாரத்துக்கு ஒருமுறை பணம் கொடுத்தால், ஏழு நாள் செலவு. நாளைக்கு 3,800 ரூபாய் வீதம் 26,600 ரூபாய். மூன்று லட்சம் கையிருப்புள்ள ஒருவர் கிரைண்டருக்கும் ஃபிரிட்ஜுக்கும் போக, சரக்குக்குக் கடன் வாங்காமலே நடத்திவிடலாம்.

இதே மூன்று லட்சத்தைப் பாக்குமட்டைத் தட்டில் போட்டால் என்ன ஆகும் என்பதைக் கடிதம் இதன் நேர் எதிரில் வைக்கிறது. ஆத்தூர், பெத்தநாயக்கன்பாளையம் பக்கம் பாக்குத் தோப்புகளுக்குக் குறைவில்லை. அதனால்தான் இளைஞரின் மனம் முதலில் இங்கே போயிருக்கிறது. தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் ஒருமுறை பயன்படுத்தித் தூக்கியெறியும் பிளாஸ்டிக் பொருட்களுக்குத் தடை வந்ததும் இந்தத் தட்டுக்கு ஒரு புது மவுசு கிடைத்தது.

வேலை எளிது போலத்தான் தெரியும். தானாகக் கழன்று விழும் மட்டையைப் பொறுக்கி வந்து, தண்ணீரில் ஊறவைத்து, பிரஷ் போட்டுத் தேய்த்துக் கழுவி, நீர் வடிந்து லேசான ஈரம் இருக்கும்போதே சூடான அச்சில் வைத்து அழுத்த வேண்டும். ஈரம் அதிகமாக இருந்தால் தட்டு பின்னால் கோணிக்கொள்ளும், பூஞ்சை பிடிக்கும். காய்ந்துபோயிருந்தால் அச்சிலேயே விரிசல் விடும். ஒரு மட்டையில் பெரிய தட்டு ஒன்றும், ஓரத்துத் துண்டில் ஒரு கிண்ணமும் எடுப்பார்கள். அந்தக் கிண்ணத்தை எடுக்கத் தெரிந்தவருக்கும் தெரியாதவருக்கும் இடையில்தான் லாப வித்தியாசம்.

சிக்கல் அச்சில் இல்லை, நாட்காட்டியில் இருக்கிறது. மட்டை வெயில் காலத்தில்தான் நன்றாகக் காய்ந்து கிடைக்கும். மழைக்காலத்தில் நனைந்து கறுத்துவிடும். ஆகவே வெயிலில் வாங்கி, கூரை ஒழுகாத இடத்தில், தரையில் படாமல் அடுக்கிவைக்க வேண்டும். தட்டை வாங்கும் மொத்த வியாபாரி உடனே பணம் தரமாட்டார். கல்யாண முகூர்த்தங்கள் முடிந்து அவருக்குக் காசு வந்தால்தான் உங்களுக்கு. சரக்கு இருப்பில் 55 நாள், வியாபாரியிடம் கடனாக 45 நாள் என்று வைத்தால் நூறு நாள். நாளைக்கு 800 தட்டு, சராசரி 5 ரூபாய்க்கு விற்றால் 4,000 ரூபாய் விற்பனை. அதற்கான செலவு 3,000 ரூபாய். நூறு நாளுக்கு மூன்று லட்சம். அதாவது மெஷினுக்கு ஒரு பைசா போடுவதற்கு முன்பே இளைஞரின் கையிருப்பு மொத்தமும் மட்டையாகவும் தட்டாகவும் வியாபாரியின் நோட்டுப் புத்தகத்தில் பாக்கியாகவும் மாறிவிடும். லாபம் காகிதத்தில் நாளைக்கு 1,000 ரூபாய், மாவைவிட 200 அதிகம்.

இங்கே வங்கிக்காரரின் ஒரு சூத்திரத்தையும் மாமா மருமகனுக்குச் சொல்லித்தருகிறார். ரிசர்வ் வங்கி அமைத்த நாயக் குழுவின் பரிந்துரைப்படி, சிறு தொழிலுக்கு நடைமுறை மூலதனத் தேவை என்பது ஓர் ஆண்டில் எதிர்பார்க்கும் விற்பனையில் நூற்றுக்கு 25. அதில் 20 பங்கை வங்கி தரும், 5 பங்கைத் தொழில் செய்பவர் போட வேண்டும். தட்டுக் கணக்கில் 300 வேலை நாளுக்கு விற்பனை 12 லட்சம். அதில் 25 சதவீதம் மூன்று லட்சம். மேலே நாட்களை வைத்துப் போட்ட கணக்கும் அதே இடத்தில்தான் வந்து நிற்கிறது. வங்கி 2,40,000, சொந்தப் பணம் 60,000. இதை மெஷின் கடனோடு சேர்த்து முதல் நாளே கேட்டு வாங்கியிருந்தால் தண்டல்காரரிடம் போக வேண்டியிருக்காது. முத்ரா கடனிலும் நடைமுறை மூலதனம் கேட்கலாம். கேட்பவர்கள்தான் குறைவு.

பாக்குமட்டைக்கு இன்னொரு எச்சரிக்கையும் உண்டு. இணையத்தில் காட்டப்படும் பெரிய லாபங்கள் பல ஏற்றுமதியை நம்பியவை. 2025 மே மாதம் அமெரிக்காவின் உணவு, மருந்து நிர்வாகம், பாக்கு மட்டையில் இயற்கையாக உள்ள நச்சுப் பொருட்கள் உணவில் இறங்கக்கூடும் என்று சொல்லி, இந்தத் தட்டுகள் அங்கே விற்பனைக்கு ஏற்றவையல்ல என அறிவித்தது. ஒரே சந்தையை நம்பி அச்சு வாங்கியவர்களுக்கு இது பெரிய அடி. உள்ளூர்க் கல்யாண மண்டபங்களை மட்டும் நம்பிக் கணக்குப் போட்டு, அதில் நிற்கிறதா என்று பார்க்கச் சொல்கிறார் மாமா. இந்த அறிவுரை சரியானது. இன்று இந்தத் தொழிலை விற்க வரும் மெஷின் ஏஜெண்டுகள் ஏற்றுமதி என்ற சொல்லைத்தான் முதலில் எடுக்கிறார்கள்.

மரச்செக்கு எண்ணெய் இந்த இரண்டுக்கும் நடுவில் வருகிறது. நூறு கிலோ நிலக்கடலைப் பருப்பு ஆட்டினால் ஏறத்தாழ 40 கிலோ எண்ணெய் கிடைக்கும். மீதியில் பெரும்பகுதி பிண்ணாக்கு. ஆட்டிய எண்ணெய் கலங்கலாக இருக்கும். சில நாள் பாத்திரத்தில் வைத்துக் கசடு படியவிட்டுத் தெளிந்ததை மட்டும் எடுக்க வேண்டும். பலர் தவறுவது கடலை வாங்குவதில். அறுவடை நேரத்தில் விலை இறங்கும்போது ஆண்டு முழுவதற்கும் வாங்கிப்போடலாம் என்று தோன்றும். அப்படி வாங்கினால் பணம் ஆறு மாதம் மூட்டையாகக் கிடக்கும். ஈரம் போகாத கடலையாக இருந்தால் பூஞ்சை பிடித்து, அஃப்லடாக்சின் என்ற நச்சு உண்டாகும். கண்ணுக்குச் சுருங்கியும் நிறம் மாறியும் தெரியும் பருப்பை ஆட்டுவதற்கு முன் பொறுக்கி எறியத்தான் வேண்டும். செக்கெண்ணெய் சுத்திகரிக்கப்படாதது. பருப்பில் இருக்கும் கேடு எண்ணெயிலும் பிண்ணாக்கிலும் அப்படியே வரும்.

இதற்கு மாமா காட்டும் வழி அழகானது. முதல் ஆண்டு எண்ணெய் விற்காதே, கூலிக்கு ஆட்டு என்கிறார். சொந்தக் கடலை, எள், தேங்காய்ப் பருப்பு வைத்திருக்கும் விவசாயக் குடும்பங்கள் ஆத்தூரைச் சுற்றி நிறைய உண்டு. அவர்கள் பொருளைக் கொண்டுவருவார்கள், கிலோவுக்கு இவ்வளவு என்று கூலி கொடுத்து எண்ணெயையும் பிண்ணாக்கையும் எடுத்துப்போவார்கள். சரக்குக்குப் பணமே வேண்டாம், கூலி அன்றைக்கே கைக்கு வரும். எந்த ஊர்க் கடலை எவ்வளவு எண்ணெய் விடுகிறது, எது ஈரம், எது கலப்பு என்பதை அடுத்தவர் சரக்கிலேயே கற்றுக்கொண்டுவிடலாம். பிறகு சொந்தமாக விற்கப் போகும்போது உணவுப் பாதுகாப்புத் துறையின் பதிவு எண்ணோடு, அடைத்து லேபிள் ஒட்டித்தான் விற்க வேண்டும்.

வாடகைப் பாத்திரத்துக்குக் கடிதத்தில் அரைப் பக்கம்தான். அண்டா, தேக்சா, இட்லிக் கொப்பரை, ஜல்லிக்கரண்டி, நாற்காலி, சாமியானா என்று முதல் நாளே பெரும்பணம் இறங்கிவிடும். அது பல ஆண்டுகளாகத்தான் திரும்பும். தை, பங்குனி, வைகாசி, ஆவணியில் பாத்திரம் கடையில் தங்காது. ஆடியிலும் புரட்டாசியிலும் மார்கழியிலும் கடையைவிட்டு நகராது. ஆனால் வங்கித் தவணை பன்னிரண்டு மாதமும் வரும். இதைக் கடன் வாங்கும் நாளிலேயே மேலாளரிடம் சொல்லி, முகூர்த்த மாதங்களில் கூடுதலாகவும் மற்ற மாதங்களில் குறைவாகவும் தவணை அமைத்துத் தரும்படி கேட்கலாம். பித்தளை, எவர்சில்வர் பாத்திரங்களுக்குப் பழைய விலையாவது கிடைக்கும், பிளாஸ்டிக் நாற்காலிக்கு அதுவும் கிடையாது என்பதால் முதல் பணத்தைப் பாத்திரத்தில் போடச் சொல்கிறார். எல்லாவற்றிலும் பெயர் வெட்டி, அனுப்பும்போதும் திரும்பும்போதும் கரண்டி, டம்ளர் முதல் எண்ணி வாங்க வேண்டும். இந்தத் தொழிலில் காசு கசிவது அண்டாவில் அல்ல, டம்ளரில்.

ஐந்தாவது, சர்வீஸ் தொழில். வேலை முடிந்ததும் பணம். சரக்கு என்பது ஒரு பையில் அடங்கும் ஃபில்டர்களும் கெப்பாசிட்டர்களும். வரிசையில் இதைத்தான் மாவுக்கும் முன்னால் வைத்திருக்க வேண்டும். மாமா கடைசியில் வைத்ததற்குக் காரணம், மருமகனுக்கு இந்த வேலை தெரியாது. ஆனால் கற்றுக்கொள்ள வழி இருக்கிறது. 1982-ல் கர்நாடகத்தின் தர்மஸ்தலா அருகே உஜிரேயில் தொடங்கிய ஒரு பயிற்சி நிலையத்தின் மாதிரியைப் பின்பற்றி, மாவட்டந்தோறும் வங்கிகள் ஊரக சுயவேலைவாய்ப்புப் பயிற்சி நிலையங்களை நடத்துகின்றன. கிராமப்புற இளைஞர்களுக்குப் பயிற்சியும் தங்குமிடமும் சாப்பாடும் இலவசம். ஒரு மாதப் பயிற்சியில் யாரும் முழு மெக்கானிக் ஆகிவிட முடியாது. பயிற்சிக்குப் பிறகு தெரிந்த மெக்கானிக் ஒருவரிடம் ஒரு கோடைக்காலம் முழுக்கக் கூடவே போய்வர வேண்டும் என்று மாமா நிபந்தனை போடுகிறார். ஏசி அழைப்புகள் குவிவது பங்குனி முதல் வைகாசி வரை. அப்போது கற்காவிட்டால் அடுத்த பங்குனி வரை காத்திருக்க வேண்டும்.

மானியம் பற்றியும் கடிதத்தில் ஒரு தெளிவு இருக்கிறது. இதில் ஏமாறுபவர்கள் ஏராளம். பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கும் திட்டத்தில் பொதுப் பிரிவினருக்கு நகர்ப்புறத்தில் 15 சதவீதம், கிராமப்புறத்தில் 25 சதவீதம். பெண்கள், பட்டியல் சமூகத்தினர், பிற்படுத்தப்பட்டோர் உள்ளிட்ட சிறப்புப் பிரிவினருக்கு 25, 35 சதவீதம் என்று விதி. அந்தப் பணம் யார் கையிலும் ரொக்கமாக வருவதில்லை. வங்கியில் மூன்று ஆண்டுகள் டெபாசிட்டாகக் கிடக்கும். தொழில் நடந்துகொண்டிருந்தால்தான் பிறகு கடனில் கழித்துக்கொள்ளப்படும். மானியத்தை நம்பி அந்த அளவுக்குச் சரக்கைக் குறைத்துக்கொண்டவர்கள் நடுவழியில் நின்றுவிடுகிறார்கள். ‘மானியம் வாங்கித் தருகிறேன்’ என்று கமிஷன் கேட்கும் இடைத்தரகர்கள் ஊருக்கு ஊர் உண்டு. உத்யம் பதிவுக்கு அரசு இணையதளத்தில் கட்டணமே கிடையாது, அதற்கும் ஆயிரம் இரண்டாயிரம் வாங்குகிறார்கள்.

இளைஞர் மாவைத்தான் தேர்ந்தெடுக்கப் போகிறார் போலிருக்கிறது. கடிதம் அவருக்குக் கொடுத்திருக்கும் வேலை, கிரைண்டர் வாங்குவதற்கு முன்பு செய்ய வேண்டியது. ஆத்தூர் கடைவீதியிலும் பேருந்து நிலையத்தைச் சுற்றியும் உள்ள மளிகைக் கடைகளுக்குக் காலை ஆறரை மணிக்கும் இரவு ஒன்பது மணிக்கும் போய்ப் பார்க்க வேண்டும். காலையில் எத்தனை மாவு பாக்கெட் இறங்குகிறது, இரவில் எத்தனை மிச்சம், மிச்சத்தில் எத்தனை உப்பியிருக்கிறது, எந்த வண்டி ரிட்டனை எடுத்துப்போகிறது, ஞாயிற்றுக்கிழமை கணக்கு மற்ற நாட்களிலிருந்து எவ்வளவு மாறுகிறது என்று எழுத வேண்டும். அதோடு இன்றைக்கே ஒரு நடப்புக் கணக்கு திறந்து, விற்பனைப் பணம் ஒவ்வொன்றையும், ஐம்பது ரூபாயாக இருந்தாலும், அந்தக் கணக்கின் கியூஆர் கோடு வழியாகவே வாங்க வேண்டும். ஆறு மாதம் கழித்து முத்ராவுக்குப் போகும்போது, மேலாளர் மேசையில் திட்ட அறிக்கையைவிட அந்தக் கணக்கின் ஸ்டேட்மெண்டைத்தான் முதலில் புரட்டுவார் என்று எழுதி, அதன் கீழே கையெழுத்துப் போட்டிருக்கிறார் மாமா.